84 பேர் வேலை செய்யும் பட்டறை: சம்பளக் கணக்கை வெளியே கொடுப்பதா, நாமே வைத்துக்கொள்வதா?

பீளமேடு_பட்டறை | 6 டிசம்பர் 2025

வணக்கம். கோவையில் பம்ப் பாகங்கள் மெஷினிங் செய்கிறோம். பார்ட்னர்ஷிப் நிறுவனம், 84 பேர், இரண்டு ஷிப்ட். பாதிப் பேர் உள்ளூர், மீதி ஒடிசா, பீகார். இப்போது சம்பளக் கணக்கு முழுவதையும் அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு பெண்தான் பார்க்கிறார். அட்டென்டன்ஸ் எடுப்பது, ஓ.டி. போடுவது, அட்வான்ஸ் பிடிப்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவது எல்லாம் அவர் கையில். கூடவே ஜி.எஸ்.டி. பில்லிங்கும் பார்க்கிறார். வரும் மே மாதத்திலிருந்து ஆறு மாதம் பிரசவ விடுப்பில் போகிறார். அதனால்தான் இந்தக் கேள்வி.

ஒரு பேரோல் கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒரு ஆளுக்கு மாதம் 110 ரூபாய், ஆரம்பத்தில் ஒரு முறை 15,000, யாராவது வேலையை விட்டுப் போனால் கணக்கு முடிக்க ஆளுக்கு 350, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எங்கள் அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்குச் சம்பளம், போனஸ், பி.எஃப். எல்லாம் சேர்த்து மாதம் 27,000 ஆகிறது. 110-ஐ 84-ஆல் பெருக்கினால் 9,240தான் வருகிறது. பார்த்தவுடன் லாபமாகத் தெரிகிறது, ஆனால் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். நம் ஆட்களின் சம்பள விவரம் வெளியே போகக்கூடாது, கட்டுப்பாடு கையை விட்டுப் போய்விடும் என்பது அவன் வாதம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல்_ராஜா | 6 டிசம்பர்

யோசிக்கவே வேண்டாம் அண்ணா, கொடுத்துவிடுங்கள். நான் முட்டைப் பண்ணை வைத்திருக்கிறேன், 40 பேர், கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. மாதாமாதம் ஷீட்டை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறேன். முக்கியமான விஷயம், பி.எஃப். ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தால் அது அவர்கள் தலைவலி. ஒப்பந்தத்திலேயே சட்டப்படியான பொறுப்பு அவர்களுடையது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். 27,000 எங்கே, 9,240 எங்கே.

ஓசூர்_மேன்பவர் | 6 டிசம்பர்

சார், 84 பேரையும் காண்ட்ராக்டர் பேருக்கு மாற்றிவிட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் காண்ட்ராக்டரே கட்டிவிடுவார். நீங்கள் மாதம் ஒரு பில் செட்டில் செய்தால் போதும். சர்வீஸ் சார்ஜ் 6 முதல் 8 சதவீதம் வரை பேசலாம். ஓசூர் பக்கம் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பீளமேடு_பட்டறை | 6 டிசம்பர்

நன்றி சார், ஆனால் நான் கேட்டது அது இல்லை. ஆட்கள் எங்கள் பேரிலேயேதான் இருப்பார்கள், 15 வருடம் சர்வீஸ் உள்ளவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். கணக்குப் போடுவதையும் தாக்கல் செய்வதையும் மட்டும் வெளியே கொடுக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

கணக்கம்மா | 7 டிசம்பர்

நான் ஸ்பின்னிங் மில்லில் சம்பளப் பிரிவில் இருந்தேன், பிறகு ஒரு பேரோல் கம்பெனியில் இருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்ததால் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் அந்த 27,000-க்கும் 9,240-க்கும் உள்ள ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணை நீங்கள் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை, ஜி.எஸ்.டி. பில்லிங் இருக்கிறது. ஆகவே அவர் மாதத்தில் எத்தனை நாள் சம்பள வேலை செய்கிறார், அதில் எத்தனை நாள் உண்மையில் குறையும் என்பதுதான் கணக்கு. உங்கள் அளவு பட்டறையில் நான் பார்த்தவரை மாதம் 10 நாள் போகும். அவரிடமே கேட்டுப் பாருங்கள். அந்தப் பத்தில் ஏறக்குறைய 5 நாள் அட்டென்டன்ஸிலேயே போய்விடும். யார் பஞ்ச் செய்ய மறந்தார், யார் ஷிப்ட் மாற்றிக்கொண்டார், சூப்பர்வைசர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த ஓ.டி. எது, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதெல்லாம் அதில் வரும். கணக்குப் போட 2 நாள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாக்கலுக்கு ஒன்றரை நாள், "எனக்கு ஏன் 300 ரூபாய் குறைந்தது" என்று வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒன்றரை நாள்.

வெளியே கொடுத்தால் இதில் எது போகும்? கணக்குப் போடுவதும் தாக்கலும் போகும். அட்டென்டன்ஸ் 5 நாள் அப்படியே இருக்கும், ஏனென்றால் எந்தப் பேரோல் கம்பெனியும் உங்கள் சூப்பர்வைசரிடம் வந்து சீட்டு வாங்கப் போவதில்லை, "சரிபார்த்த இன்புட்" கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். கேள்வி கேட்பவர்களும் உங்கள் பெண்ணிடம்தான் வந்து நிற்பார்கள், அதில் ஒரு நாளாவது இருக்கும். அவர்கள் அனுப்பும் ஷீட்டைச் சரிபார்க்க அரை நாள். ஆக 10 நாள் ஆறரை நாளாகும், மிச்சம் மூன்றரை நாள். மாதம் 25 வேலை நாள் என்றால் அவருடைய ஒரு நாள் செலவு 1,080, மூன்றரை நாளுக்கு 3,780 ரூபாய்.

இதற்கு நீங்கள் கொடுப்பது 9,240. மாதம் நாலு பேர் விட்டுப் போகிறார்கள் என்று வைத்தால் அதற்கு 1,400. மொத்தம் 10,640. ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்வீர்கள், அதை விட்டுவிடலாம். மாதம் 6,860 கூடுதலாகச் செலவாகிறது, வருடத்துக்கு 82,000-க்குக் கொஞ்சம் மேல். இது லாபம் இல்லை, செலவு. அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், ஒரே ஆளை நம்பி இருக்கும் நிலை மாறும். அது 82,000 பெறுமா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

எக்செல்_மணி | 7 டிசம்பர்

மேடம் சொன்ன கணக்கு சரி. அட்டென்டன்ஸ்தான் பெரிய வேலை என்றால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பயோமெட்ரிக் மெஷினிலிருந்து நேராக சாஃப்ட்வேருக்குப் போகிற மாதிரி வைத்து, ஓ.டி.யை சூப்பர்வைசர் மொபைலிலேயே அப்ரூவ் செய்தால் 5 நாள் 2 நாளாகிவிடும். பிறகு வெளியே கொடுக்க வேண்டிய அவசியமே இருக்காது. டேலியிலேயே பேரோல் இருக்கிறது. 84 பேருக்கு அது தாங்கும்.

நாமக்கல்_ராஜா | 7 டிசம்பர்

கணக்கம்மா மேடம், நாள் கணக்கெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிஸ்க்கை எங்கே வைத்தீர்கள்? பி.எஃப். ஒரு நாள் தாமதமானால் வட்டி, அபராதம். வெளியே கொடுத்தால் அது அவர்கள் பொறுப்பு. 82,000 அதற்கான இன்சூரன்ஸ் மாதிரி.

கணக்கம்மா | 7 டிசம்பர்

ராஜா சார், பாதி சரி. ரிஸ்க்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது சரி, அது அவர்களுக்குப் போய்விடும் என்பது சரியில்லை. பி.எஃப். அலுவலகத்துக்கும் இ.எஸ்.ஐ.க்கும் தெரிந்தது முதலாளி ஒருவர்தான். நீங்கள் யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் கோடு நம்பருக்குத்தான் வரும், பணத்தையும் நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டும். அதன் பிறகு பேரோல் கம்பெனியிடம் திருப்பிக் கேட்பது உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ள தனி வழக்கு.

நீங்கள் சொன்ன வட்டியும் அபராதமும் பெரிய தொகையே இல்லை. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், அபராதம் 2024 ஜூனுக்குப் பிறகு மாதத்துக்கு 1 சதவீதம். ஓரிரு நாள் தாமதத்துக்கு அது சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். உண்மையான அடி வருமான வரியில் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கை அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டாவிட்டால் அதைச் செலவாகக் காட்டவே முடியாது. 16-ந் தேதி கட்டினாலும் போனதுதான், அந்தத் தொகை உங்கள் வருமானத்தில் கூட்டப்படும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்பு இருந்த 5 நாள் சலுகையும் 2016-லேயே போய்விட்டது.

பீளமேட்டுக்காரர் கணக்கில் போட்டுப் பார்ப்போம். பி.எஃப். கூலி ஆளுக்குச் சராசரி 14,000 என்று வைத்தால் 84 பேருக்கு 11,76,000. அதில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,41,120. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி செஸ்ஸோடு 31.2 சதவீதம். ஒரே ஒரு மாதம், ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு 44,000 ரூபாய் வரி. இது அபராதம் என்ற பேரில் வராது, ஆடிட்டில்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து "பொறுப்பு வரம்பு" என்று ஒரு பத்தி இருக்கிறதா பாருங்கள். நான் இருந்த இடத்தில் மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் ஈடு கிடையாது என்று எழுதியிருப்போம். இவர் கணக்கில் அது 27,720 ரூபாய். அதுவும் தவறு எங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும், இன்புட் தாமதமாக வந்தது என்று ஒரு மெயில் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே இதை இன்சூரன்ஸாக நினைக்க வேண்டாம்.

நாமக்கல்_ராஜா | 8 டிசம்பர்

ஒப்பந்தத்தைப் பார்த்தேன். வரம்பு இருக்கிறது, இரண்டு மாதக் கட்டணம். ஆனாலும் மேடம், என் பண்ணையில் நானே செய்திருந்தால் 15-ந் தேதியை எத்தனை முறை விட்டிருப்பேனோ, மூன்று வருடத்தில் அவர்கள் ஒரு முறைகூட விடவில்லை. தேதியைப் பிடிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். பொறுப்பு சட்டப்படி என்னிடம் இருந்தாலும் தவறு நடக்கும் வாய்ப்பு குறைகிறதே, அதற்கு மதிப்பு இல்லையா?

கணக்கம்மா | 8 டிசம்பர்

இருக்கிறது, மறுக்கவில்லை. 40 பேர், உள்ளே ஆளே இல்லை என்கிற உங்கள் நிலையில் நானும் வெளியேதான் கொடுத்திருப்பேன். இவரிடம் ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

மதுரை_எலக்ட்ரிகல்ஸ் | 8 டிசம்பர்

நான் டெலிவரி பக்கத்திலிருந்து சொல்கிறேன். மின்சாரச் சாமான் மொத்த வியாபாரம், மதுரை, திண்டுக்கல், விருதுநகர் கடைகளுக்கு அனுப்புகிறோம். முன்பு நாலு சொந்த வண்டி இருந்தது. டிரைவர், டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று செலவு பிடுங்கியது, ஆகவே இரண்டை விற்றுவிட்டு மீதி லோடை டிரான்ஸ்போர்ட்டில் கொடுத்தோம். ஒரு டிரிப் செலவு குறைந்தது உண்மை. ஆனால் எங்கள் டிரைவர் சரக்கை இறக்கிவிட்டுப் பழைய பாக்கிக்குச் செக் வாங்கி வருவார், உடைந்த பொருளை அங்கேயே பார்த்து எழுதி வாங்குவார், எந்தக் கடையில் போட்டிக் கம்பெனி சரக்கு நிறைய இறங்கியிருக்கிறது என்று வந்து சொல்வார். இந்த வேலைகளுக்கு நாங்கள் சம்பளம் என்று தனியாகக் கணக்கு வைத்ததே இல்லை. வண்டியை விற்ற பிறகு வசூல் சராசரியாக 10 நாள் தள்ளிப்போனது. அந்தப் பத்து நாளுக்கு பேங்க் ஓவர்டிராஃப்டில் கட்டிய வட்டி, டீசலில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது.

இப்போது தினமும் நிச்சயம் இருக்கும் லோடுக்கு இரண்டு சொந்த வண்டி, தீபாவளிக்கு முன்னால், ஆடித் தள்ளுபடி சமயத்தில் மட்டும் வெளி வண்டி. சம்பளக் கணக்கிலும் அதே மாதிரி பாதிப் பாதி வைத்துக்கொள்ளலாமே?

கணக்கம்மா | 8 டிசம்பர்

மதுரை அண்ணா, நல்ல விஷயம் சொன்னீர்கள். வேலையின் பெயரில் இல்லாத வேலையை அந்த ஆள் செய்துகொண்டிருப்பார் என்பது இங்கேயும் உண்டு. அட்வான்ஸ் அதிகமாக வாங்குகிறவர் யார், திடீரென்று லீவு கூடுகிறவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும், ஆள் வேலையை விடப்போகிறார் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

ஆனால் டெலிவரி மாதிரி அளவை வைத்துப் பிரிக்க முடியாது. டெலிவரியில் லோடு ஏறி இறங்கும், உச்சத்துக்கு வெளி வண்டி பிடிக்கலாம். சம்பளம் மாதாமாதம் அதே 84 பேர்தான். இங்கே வேலையின் கட்டத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

எக்செல்_மணி | 9 டிசம்பர்

அப்படிப் பிரிப்பதென்றால் என் கருத்து இதுதான். கணக்குப் போடுவது உள்ளே, தாக்கல் வெளியே. பி.எஃப். கன்சல்டன்ட் யாராவது மாதம் 3,000, 4,000-க்குச் செய்து கொடுப்பார்கள். இன்னொன்று, யாராவது சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் இ.எஸ்.ஐ. பிடிப்பதை நிறுத்துவது போன்ற ரூல்களை ஒரு முறை சாஃப்ட்வேரில் போட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கணக்கம்மா | 9 டிசம்பர்

மணி தம்பி, அந்த ரூலை அப்படிப் போட்டால் தவறாகிவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு கணக்குக் காலம் இருக்கிறது. நடுவில் இன்கிரிமென்ட் கொடுத்து 21,000 தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்துக் கட்ட வேண்டும். இன்ஸ்பெக்ஷனில் முதலில் தேடுவது இதைத்தான். சாஃப்ட்வேர் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் ரூல் தெரிந்த ஒருவர் அதன் பின்னால் இருக்க வேண்டும். உள்ளே வைத்துக்கொள்வதன் உண்மையான விலை இதுதான், யாராவது மாற்றங்களைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அப்படிப் படிக்க வேண்டிய நேரமும்கூட. போன மாதம் 21-ந் தேதி தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் இந்தக் கேள்வியை நேராகத் தொடுவது இரண்டு. ஒன்று, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியது கூலியாகக் கணக்காகும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து மீதியை அலவன்ஸாகக் காட்டும் பட்டறைகள் எல்லாம் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். எப்படி மாற்றுவது, கையில் வாங்கும் தொகை குறைந்தால் ஆட்களிடம் என்ன சொல்வது என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. பேரோல் கம்பெனி நாலு மாதிரி ஷீட் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒருவர் வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாளுக்குள் அவருக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பீளமேட்டுக்காரரே, உங்கள் கொட்டேஷனில் 350 ரூபாய்க்குச் செய்கிறார்களே அந்த செட்டில்மென்ட், அதை எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று எழுதியிருக்கிறது?

பீளமேடு_பட்டறை | 9 டிசம்பர்

இப்போதுதான் பார்த்தேன். "தகவல் கிடைத்து 7 வேலை நாள்" என்று இருக்கிறது. கேட்டதற்கு எல்லா வாடிக்கையாளருக்கும் அதே முறைதான், மாற்ற முடியுமா என்று மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

அக்கவுண்ட்ஸ் பெண்ணிடமும் கேட்டேன். பத்து நாள் சரியாக இருக்கிறது என்றார். அட்டென்டன்ஸுக்கு 5 இல்லை, 6 நாள் ஆகிறதாம், அதில் பாதி நைட் ஷிப்ட் சூப்பர்வைசரைத் துரத்துவதில் போகிறதாம். அதைவிட ஒன்று சொன்னார், புதிதாகச் சேரும் வடநாட்டு ஆட்களுக்கு யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண் எடுப்பதுதான் மிகப் பெரிய இழுபறி என்கிறார். அதை வெளியே கொடுத்தால் குறையுமா?

கணக்கம்மா | 9 டிசம்பர்

குறையாது. இந்த வருடம் ஆகஸ்ட் 1 முதல் புது யு.ஏ.என். என்றால் அந்த ஆளே உமங் செயலியில் முகத்தைக் காட்டி எடுக்க வேண்டும். ஆதாரில் பெயர், பிறந்த தேதி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வரும். பழைய இடத்தில் வேறு எழுத்தில் யு.ஏ.என். இருந்தால் அதைத் திருத்த ஆளும் அவருடைய ஆதாரோடு இணைந்த போனும் வேண்டும். அந்த ஆள் உங்கள் பட்டறையில் நிற்கிறார், பேரோல் கம்பெனிக்காரர் எங்கோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். முகம் காட்டாமல் விட்டால், மாதாமாதம் பி.எஃப். போர்ட்டலில் ஏற்றும் பெயர்ப் பட்டியலான இ.சி.ஆர். போடும்போது அந்த ஒரு பெயர் நிற்கும், 14-ந் தேதி மாலை எல்லோரும் ஓடுவார்கள்.

இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான், இன்னும் ஆபத்து அதிகம். சேர்ந்த 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, ஆனால் லேத்தில் நிற்கும் ஆளுக்கு முதல் நாளே செய்துவிடுங்கள். புது ஆள் விவரம் மாதக் கடைசி ஷீட்டில்தான் வெளியே போகும் என்றால் நடுவில் கை அடிபட்டவர் பதிவே இல்லாமல் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போவார். விபத்துக்குப் பிறகு செய்யும் பதிவுக்கு விசாரணை வரும், சிகிச்சைச் செலவும் ஈடும் உங்கள் தலையில் விழலாம். ஆகவே யாரிடம் எதைக் கொடுத்தாலும் ஆள் சேர்ப்பும் பதிவும் கேட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும்.

மதுரை_எலக்ட்ரிகல்ஸ் | 10 டிசம்பர்

பீளமேட்டுக்காரரின் தம்பி சொன்ன சம்பள ரகசியம் பற்றி யாரும் பேசவில்லையே. அது நியாயமான பயம்தானே?

கணக்கம்மா | 10 டிசம்பர்

நியாயம்தான், ஆனால் நான் பார்த்தவரை சம்பள விவரம் கசிவது பெரும்பாலும் உள்ளேயிருந்துதான். சில கம்பெனிகள் வெளியே கொடுப்பதே மேனேஜர்கள் சம்பளம் ஆபீஸில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். நான் கவலைப்படுவது ரகசியத்தைப் பற்றி அல்ல, பணம் போகும் பொத்தானைப் பற்றி.

மூன்று விஷயம் எந்த நிலையிலும் வெளியே போகக்கூடாது. பேங்கில் சம்பள ஃபைலை அப்ரூவ் செய்வது உங்களிடமே இருக்க வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போர்ட்டலில் பதிவாகியிருக்கும் மொபைலும் மெயிலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும், கன்சல்டன்ட் மாறும்போது அவருடைய நம்பர் போர்ட்டலில் இருந்து அதை மாற்ற முடியாமல் மாதக்கணக்கில் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, சலான் பணத்தை உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கட்டுங்கள். "எங்கள் கணக்கில் போட்டுவிடுங்கள், நாங்கள் கட்டிக்கொள்கிறோம்" என்று சொல்பவரை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். எடிட் செய்த சலானை பி.டி.எஃப்.-ஆக அனுப்பிவிட்டுப் பணத்தை வைத்துக்கொண்ட கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. சலானில் உள்ள டி.ஆர்.ஆர்.என். எண்ணைப் போர்ட்டலில் போட்டால் கட்டியாயிற்றா, எந்தத் தேதி என்று தெரியும். மாதம் இரண்டு மூன்று ஆட்களின் பாஸ்புக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதே கண்டிப்பு உள்ளே செய்தாலும் வேண்டும். அட்டென்டன்ஸ் போடுவது, கணக்குப் போடுவது, பேங்க் ஃபைல் ஏற்றுவது மூன்றும் ஒரே ஆள் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஏற்பாடு தப்பு. அப்ரூவ் செய்யும் முன் போன மாத ஆள் எண்ணிக்கையோடு சேர்ந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழித்து, இந்த மாத எண்ணிக்கை வருகிறதா பாருங்கள். பேங்க் கணக்கு எண் மாறியவர்கள் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். போன மாதத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் கூடிய, குறைந்த பெயர்களை மட்டும் பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நாமக்கல்_ராஜா | 10 டிசம்பர்

என் போர்ட்டலில் அவர்கள் மெயில்தான் இருக்கிறது. இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன். மொபைல் நம்பர் என்னுடையதுதான்.

ஓசூர்_மேன்பவர் | 10 டிசம்பர்

மேடம், நாங்கள் சப்ளை செய்யும் ஆட்களுக்கு நாங்கள்தான் பி.எஃப். கட்டுகிறோம், ஆனாலும் பெரிய கம்பெனிகள் சலான் காப்பி இல்லாமல் பில் பாஸ் செய்வதில்லை. அது ஏன் என்று இப்போது புரிகிறது. அந்த சலானில் வேறு கம்பெனிக்குப் போன எங்கள் ஆட்களும் சேர்ந்தே இருப்பார்களே, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்?

கணக்கம்மா | 10 டிசம்பர்

சலானை மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது சார். இ.சி.ஆர்.-இல் பெயர் வாரியாக இருக்கும், அதையும் கேட் அட்டென்டன்ஸையும் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாத கம்பெனிகள்தான் பிறகு மாட்டுகின்றன.

பீளமேடு_பட்டறை | 12 டிசம்பர்

எல்லோருக்கும் நன்றி. தம்பியோடும் ஆடிட்டரோடும் உட்கார்ந்து பேசினேன். இப்போதைக்கு நினைப்பது இதுதான். ஜனவரியில் ஸ்டோர்ஸில் இருக்கும் பையனை இந்தப் பெண்ணோடு உட்கார வைக்கிறோம், அட்டென்டன்ஸும் ஆள் பதிவும் அவன் பொறுப்பு. ஓ.டி. சீட்டை நிறுத்திவிட்டு சூப்பர்வைசர் அன்றன்றைக்கே மொபைலில் போட வேண்டும், மணி சொன்னதுதான். கணக்கையும் தாக்கலையும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வெளியே கொடுக்கலாம் என்று இருக்கிறோம், அப்போது ஒரு மாதம் அந்தப் பெண்ணும் சேர்ந்து பார்ப்பார். அவர் திரும்பி வந்ததும் உள்ளே எடுத்துக்கொள்ளலாமா, தாக்கலை மட்டும் வெளியே விடலாமா என்று பார்ப்போம்.

செட்டில்மென்ட்டுக்கு 2 நாள் என்று மாற்ற அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், 350 இப்போது 500 ஆகிறது. பொறுப்பு வரம்பை மட்டும் ஏற்றவே மாட்டேன் என்கிறார்கள். தாமதம் அவர்களால் என்றால் கூடுதல் வரியை முழுதாகத் தர வேண்டும் என்று கேட்டேன், ஆறு மாதக் கட்டணம் வரை வந்து நிற்கிறார்கள்.

கணக்கம்மா | 12 டிசம்பர்

ஆறு மாதம் என்றால் 55,440, ஒரு மாதத் தாமதத்தைத் தாங்கும். நல்ல பேச்சு. அதை வாங்கிக்கொண்டு இன்னொன்று கேளுங்கள். நீங்கள் 5-ந் தேதிக்குள் இன்புட் கொடுத்தால் அவர்கள் 10-ந் தேதிக்குள் சலான் உருவாக்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்போது கட்டுவதற்கு உங்களுக்கு 5 நாள் இருக்கும், போர்ட்டல் படுத்தாலும் சமாளிக்கலாம். ஈடு வாங்குவதைவிட இது பயன்படும்.

நவம்பரில் நிறுத்தும்போது ஒவ்வொரு ஆளுக்கும் மாத வாரியான சம்பளப் பதிவேடு, இ.சி.ஆர். ஃபைல்கள், டி.டி.எஸ். விவரம் எல்லாம் எக்செல் வடிவில் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். நிதியாண்டின் நடுவில் மாறுகிறீர்கள், அந்த எட்டு மாத டேட்டா இல்லாமல் மார்ச்சில் வருமான வரிப் பிடித்தம் கணக்குப் போட முடியாது. கிளம்பும் நேரத்தில் கேட்டால் அதற்கு ஒரு விலை சொல்வார்கள்.

எக்செல்_மணி | 12 டிசம்பர்

எட்டு மாதத்துக்காக 15,000 செட்டப் கொடுப்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. அந்தக் காசில் ஸ்டோர்ஸ் பையனுக்கு ட்ரெயினிங் கொடுத்து, கன்சல்டன்ட்டிடம் தாக்கலை மட்டும் விட்டால் உள்ளேயே முடியும்.

பீளமேடு_பட்டறை | 13 டிசம்பர்

தம்பியும் அதையேதான் சொல்கிறான் மணி. பையன் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் தனியாகக் கணக்குப் போட்டு, பெண் போட்ட கணக்கோடு ஒத்துப்போனால் கன்சல்டன்ட் வழி, இல்லையென்றால் பேரோல் கம்பெனி என்று பேசியிருக்கிறோம். அதுவரை கொட்டேஷனைத் திறந்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பள அமைப்பை 50 சதவீதத்துக்கு மாற்றினால் 14 பேருக்குக் கையில் வாங்குவது குறைகிறது, அதை எப்படிச் செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யாராவது உங்கள் பட்டறையில் அதைச் செய்திருந்தால் ஆட்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.